எதிரே ஒன்றுமே இல்லாதபோதும் HC-SR04 விடாமல் 90 செ.மீ. காட்டுகிறது: டைமர்1 இன்புட் கேப்ச்சர்

வண்டிச்சக்கரம்

சின்ன ரோபோ வண்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ATmega328P, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், முன்பக்கம் ஒரு HC-SR04. மோட்டார் வேலையெல்லாம் மெயின் லூப்பில் நடப்பதால் `pulseIn()` போட்டு லூப்பை நிறுத்தி வைக்க விருப்பமில்லை. அதனால் எக்கோ கம்பியை PB0-வில், அதாவது ICP1 பின்னில் கொடுத்து இன்புட் கேப்ச்சரில் அளக்கிறேன். பிரீஸ்கேலர் 8, ஆகவே ஒரு டிக் அரை மைக்ரோவினாடி. ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோவினாடி என்று வைத்து 116-ஆல் வகுக்கிறேன்.

```c
ISR(TIMER1_CAPT_vect) {
    uint16_t t = ICR1;
    if (TCCR1B & (1 << ICES1)) {      // ஏறும் விளிம்பு
        rise = t;
        TCCR1B &= ~(1 << ICES1);
    } else {                          // இறங்கும் விளிம்பு
        width = t - rise;
        TCCR1B |= (1 << ICES1);
        done = 1;
    }
    TIFR1 = (1 << ICF1);
}
```

அட்டைப்பெட்டியை 50 செ.மீ.யில் வைத்தால் 50 வருகிறது. 2 மீட்டரில் வைத்தால் 200 வருகிறது. பெட்டியை எடுத்துவிட்டு முன்னால் வெறும் வெளியாக விட்டால் மட்டும் 90 என்று வருகிறது, எப்போதாவது 89. வண்டி எதிரே ஏதோ இருப்பதாக நினைத்துத் திரும்பிவிடுகிறது. சென்சாரை மாற்றிப் பார்த்தேன், அதிலும் அதேதான். எங்கே பார்க்க வேண்டும்?

சாலிடர்புகை

இது தரை எதிரொலி நண்பரே. சென்சார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 செ.மீ. தூரத்துத் தரையைத் தொட ஒலி வெறும் 5 டிகிரி கீழே சாய்ந்தால் போதும். HC-SR04-இன் ஒலிக்கற்றை அதைவிட அகலமானது. எதிரே பெட்டி இருந்தால் அதன் எதிரொலி பலமாக வரும், பெட்டி இல்லாதபோது தரையிலிருந்து வருவது மட்டும் மிஞ்சும். சென்சாரைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் அந்த `TIFR1 = (1 << ICF1)` வரி தேவையே இல்லை. இன்டரப்டுக்குள் நுழையும்போதே அந்தக் கொடி தானாக அழிந்துவிடும்.

நுண்நொடி

கொடி தானாக அழிவது உண்மைதான். ஆனால் அது உள்ளே நுழையும்போது நடப்பது. அதன் பிறகுதான் அவர் ICES1-ஐ மாற்றுகிறார். விளிம்பை மாற்றும்போது கொடி பொய்யாக எழ வாய்ப்பு உண்டு, அதனால் மாற்றிய பிறகு அழிக்கச் சொல்லி டேட்டாஷீட்டே சொல்கிறது. அந்த வரி சரியான இடத்தில்தான் இருக்கிறது, எடுக்க வேண்டாம்.

தரைக் கதை கணக்குக்குப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. சோதிப்பதும் எளிது. வண்டியைக் கையில் தூக்கி, சென்சாரை வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். அப்போதும் 90 வந்தால் தரைக்கு இதில் பங்கில்லை. கூடவே வகுப்பதற்கு முந்தைய `width` மதிப்பை அப்படியே சீரியலில் அனுப்பி, வரிசையாகச் சில எண்களை இங்கே போடுங்கள். சென்டிமீட்டராக மாற்றிய பிறகு பார்த்தால் பாதித் தகவல் போய்விடும்.

வண்டிச்சக்கரம்

மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்து வைத்தேன். அதே 90. பக்கவாட்டில் திருப்பினாலும் அதே 90. டிக் எண்ணிக்கை இதோ:

```
10431
10466
10458
10449
```

நுண்நொடி

சரி, இது எதிரொலியே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாத தூரம் வெளியிலிருந்து வர முடியாது, அது உள்ளுக்குள் உருவாகிறது.

உங்கள் டைமர் 16 பிட். 65536 டிக் ஆனதும் ஒரு சுற்று முடிகிறது. அரை மைக்ரோவினாடி டிக்கில் ஒரு சுற்று 32.768 மில்லிவினாடி. எதிரொலி திரும்பி வராவிட்டால் HC-SR04 எக்கோ பின்னை உடனே இறக்குவதில்லை. சுமார் 38 மில்லிவினாடி வரை உயர்த்தியே வைத்திருந்து, அதன் பிறகு கைவிடுகிறது. 38 மில்லிவினாடி என்றால் 76000 டிக். அதில் ஒரு முழுச் சுற்று கணக்கில் வராமல் போகிறது:

```
76000 - 65536 = 10464
10464 / 116   = 90.2
```

உங்கள் நான்கு எண்களும் இதைச் சுற்றித்தான் நிற்கின்றன. "ஒன்றும் இல்லை" என்று சென்சார் சொன்ன பதிலைத்தான் உங்கள் டைமர் 90 செ.மீ. என்று படித்துக்கொண்டிருக்கிறது.

உறுதி செய்துகொள்ள பிரீஸ்கேலரை மட்டும் 64 ஆக்குங்கள். CS11 மட்டும் இருக்கும் இடத்தில் CS11, CS10 இரண்டையும் போட்டால் போதும். டிக் 4 மைக்ரோவினாடி ஆகும், ஒரு சுற்றுக்கு 262 மில்லிவினாடி கிடைக்கும். அங்கே நிஜமாகவே 90 செ.மீ.யில் ஒரு பொருள் இருந்தால் சுமார் 1305 டிக் வரவேண்டும். நான் சொல்வது சரியென்றால் 9500 பக்கம் வரும்.

சாலிடர்புகை

கவனித்தேன், சுற்றி வருவதுதான் காரணம் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. ஏறும் விளிம்பில் `TCNT1 = 0` போட்டுவிடுங்கள். எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கும், நடுவில் ஓவர்ஃப்ளோ வராது. இப்போது `rise` 60000-இலும் அடுத்த விளிம்பு 4000-இலும் விழுந்தால் கழித்தல் எதிர்மறையாகிவிடுமே, அந்தத் தொல்லையும் போகும்.

நுண்நொடி

அந்தக் கழித்தலில் தொல்லை இல்லை. `uint16_t`-இல் 4000 - 60000 என்பது 9536, அதுதான் சரியான விடை. ஒரு சுற்றுக்குக் குறைவான எந்த அகலமும் எல்லையைத் தாண்டினாலும் சரியாகவே வரும். (32 பிட் சிப்புகளில் கழித்த பிறகு `(uint16_t)` என்று மாற்றிக்கொள்ள வேண்டும், அங்கே `int` பெரியது.) சிக்கல், அகலமே ஒரு சுற்றைவிட அதிகமாக இருக்கும்போதுதான். சுழியிலிருந்து தொடங்கினாலும் 76000 டிக் 65536-ஐத் தாண்டத்தான் செய்யும். அதே 10464 வரும்.

தவிர, `TCNT1`-ஐ இன்டரப்டுக்குள் தொட்டால் கேப்ச்சர் வன்பொருளின் பலனே போய்விடும். விளிம்பு வந்த கணத்தை ICR1 தானே பிடித்து வைக்கிறது. மென்பொருள் எப்போது வந்து படித்தாலும் அந்த எண் மாறாது. சுழியாக்குவது மட்டும் மென்பொருள் வந்து சேர்ந்த பிறகே நடக்கும். வேறொரு இன்டரப்ட் ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தாமதம் முழுவதும் அளவில் குறையும்.

வண்டிச்சக்கரம்

பிரீஸ்கேலர் 64-இல் திறந்தவெளியில் 9497, 9501, 9499. பெட்டியை 50 செ.மீ.யில் வைத்தால் 725. நீங்கள் சொன்னதேதான்! இப்போது ஒன்றும் இல்லாதபோது 655 செ.மீ. காட்டுகிறது.

இரண்டாவது சென்சாரிலும் அதே 90 வந்ததால்தான் சென்சார் பக்கமே யோசிக்கவில்லை.

திருப்புமுனை

என்னிடமும் இதே பிரச்சினை, ஆனால் எனக்கு 56 செ.மீ. வருகிறது. அதே ATmega328P, அதே பிரீஸ்கேலர் 8. என் வயரிங்கில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று முறை பிரித்துப் பூட்டினேன். சென்சாரைச் சர்வோ மேல் வைத்து இடம் வலமாகத் திருப்புகிறேன், Servo லைப்ரரி. அதில் இன்னொன்றும் உண்டு, சில நேரம் சம்பந்தமே இல்லாத எண்கள் வருகின்றன.

நுண்நொடி

56 என்றால் 6496 டிக். ஒரு சுற்றைச் சேர்த்தால் 72032, அதாவது 36 மில்லிவினாடி. கைவிடும் நேரத்தைக் கணக்கிடுவது சென்சார் பலகையில் இருக்கும் சிறு சிப்பின் சொந்தக் கடிகாரம், அது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிலவற்றில் 200 மில்லிவினாடி வரைகூட எக்கோ உயர்ந்தே இருக்கும். அதனால் "90 வந்தால் தள்ளிவிடு" என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பலகையை மாற்றினால் பேய் வேறு தூரத்தில் வந்து நிற்கும், நிஜமாகவே 90 செ.மீ.யில் ஒரு சுவர் வந்தால் வண்டி அதில் போய் மோதும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் Servo லைப்ரரி இருப்பதால் இந்தக் கணக்கை நான் முழுதாக நம்பமாட்டேன். இந்தச் சிப்பில் Servo லைப்ரரியும் டைமர்1-ஐத்தான் எடுத்துக்கொள்கிறது. பிரீஸ்கேலரை 8 ஆக வைத்துக்கொண்டு, சுமார் 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை `TCNT1`-ஐச் சுழியாக்குகிறது. ஏறும் விளிம்புக்கும் இறங்கும் விளிம்புக்கும் நடுவில் அந்தச் சுழியாக்கம் விழுந்தால் கழித்தலுக்கு அர்த்தமே இல்லை. சம்பந்தமில்லாத எண்கள் அங்கிருந்துதான் வரும். சர்வோவைக் கழற்றிவைத்துவிட்டு, அந்த லைப்ரரி இல்லாமல் ஒருமுறை அளந்து பாருங்கள்.

வண்டிச்சக்கரம், உங்களுக்கு வேலை கிட்டத்தட்ட முடிந்தது. பிரீஸ்கேலரை 64-இலேயே விட்டுவிடுங்கள். இந்தச் சென்சாரின் எல்லை 4 மீட்டர், அதற்கு 23.2 மில்லிவினாடி, அதாவது 5800 டிக். 6000 டிக்கைத் தாண்டியதெல்லாம் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள். 200 மில்லிவினாடி இழுக்கும் பலகை வந்தாலும் அது 50000 டிக், ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடும். ஒன்று மட்டும், எக்கோ இறங்கும் முன் அடுத்த டிரிகரைக் கொடுக்காதீர்கள்.

சாலிடர்புகை

இதில் எனக்கு உடன்பாடில்லை. அரை மைக்ரோவினாடியில் அளக்கக்கூடிய ஒன்றை எட்டு மடங்கு மொண்ணையாக்குவது ஏன்? ஓவர்ஃப்ளோ இன்டரப்டில் ஒரு எண்ணியை ஏற்றினால் போதாதா? அகலம் = எண்ணி × 65536 + வித்தியாசம். நுட்பமும் போகாது, பேயும் வராது.

நுண்நொடி

எழுதலாம், ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இறங்கும் விளிம்பு டைமர் சுற்றும் அதே நேரத்தில் வந்தால் கேப்ச்சர், ஓவர்ஃப்ளோ இரண்டு கொடிகளும் ஒன்றாக நிற்கும். கேப்ச்சருக்கு முன்னுரிமை அதிகம், அது முதலில் ஓடும். எண்ணி இன்னும் ஏறியிருக்காது. அந்த ஒரு அளவில் 65536 டிக் குறையும், அதாவது 565 செ.மீ. தவறு. கேப்ச்சருக்குள் `TOV1` நிற்கிறதா, ICR1 சிறிய எண்ணா என்று பார்த்து ஈடுகட்ட வேண்டும். சிறிய எண் என்றால் சுற்று முடிந்த பிறகு பிடிபட்ட விளிம்பு, எண்ணியில் ஒன்றைக் கூட்ட வேண்டும். பெரிய எண் என்றால் கூட்டக் கூடாது. ஏறும் விளிம்புக்கும் இதே கவனம் தேவை. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இந்தப் பிழை கண்ணில் படாது, எப்போதாவது ஒருமுறைதான் வரும்.

பிரீஸ்கேலர் 8 வேண்டும் என்று இருந்தால் நான் எண்ணியே வைக்கமாட்டேன். நிஜமான எதிரொலி எதுவும் ஒரு சுற்றைத் தாண்டாது. எனவே அகலம் எவ்வளவு என்று தெரியத் தேவையில்லை, 25 மில்லிவினாடியைத் தாண்டிவிட்டதா என்று தெரிந்தால் போதும். அதை ஒப்பீட்டு ரெஜிஸ்டர் சொல்லிவிடும். ஏறும் விளிம்பில் இதைச் சேருங்கள்:

```c
OCR1A  = rise + 50000;      // 25 மி.வி.
TIFR1  = (1 << OCF1A);
TIMSK1 |= (1 << OCIE1A);
late   = 0;
```

`TIMER1_COMPA_vect`-இல் `late = 1` போட்டு, OCIE1A-வை அணைத்துவிடுங்கள். இறங்கும் விளிம்பிலும் OCIE1A-வை அணையுங்கள். `late` எழுந்திருந்தால் `width`-ஐப் பார்க்கவே வேண்டாம். கூட்டல் 65536-ஐத் தாண்டினாலும் பரவாயில்லை, ஒப்பீடும் அதே சுற்றில்தான் நடக்கிறது.

மீயொலி

நான் சென்டிமீட்டர் மாற்றத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், இதே இழையில் கேட்கலாமா? 58 என்ற எண் ஒலியின் வேகத்தை 344.8 மீ/வி என்று வைத்துத்தான் வருகிறது, அது ஏறத்தாழ 22 டிகிரி வெப்பநிலைக்குரியது. நான் வெப்பநிலை சென்சாரும் வைத்திருப்பதால் `331.3 + 0.606 × T` போட்டு வேகத்தைக் கண்டுபிடித்து, முழு எண்ணாக்கி, பிரீஸ்கேலர் 64-இல் இப்படி எழுதினேன்:

```c
uint16_t mm = ticks * c / 500;
```

4 மைக்ரோவினாடி டிக், போகவர இரு வழி, மில்லிமீட்டரில் விடை என்று எல்லாவற்றையும் சுருக்கினால் 500 சரியாகவே வருகிறது. ஆனால் அரை மீட்டரில் இருக்கும் சுவருக்கு 107 மி.மீ. காட்டுகிறது. கிட்டே போனால் எண் சில இடங்களில் கூடுகிறது, சில இடங்களில் குறைகிறது.

நுண்நொடி

சூத்திரம் சரி அம்மா, பெருக்கல்தான் வழிந்துபோகிறது. 725 × 345 = 250125. 16 பிட்டில் அது 53517 ஆகச் சுருங்கும். அதை 500-ஆல் வகுத்தால் 107. `(uint32_t)ticks * c / 500` என்று எழுதினால் 500 மி.மீ. வரும். தூரம் சீராக மாறும்போது காட்டும் எண் ஏறி ஏறி விழுந்தால் பெரும்பாலும் இந்த வழிதல்தான்.

வெப்பநிலைத் திருத்தம் போடுவது நல்லது. 35 டிகிரியில் வேகம் 352.5. அப்போது 58-ஐ வைத்து வகுத்தால் 2 மீட்டர் சுவர் 195.6 செ.மீ. என்று வரும். வண்டி மோதாமல் திரும்ப அது போதும். நீர்மட்டம் அளப்பவருக்குப் போதாது.

வண்டிச்சக்கரம்

ஒப்பீட்டு ரெஜிஸ்டர் வழியைப் பிரீஸ்கேலர் 8-இல் போட்டுப் பார்த்தேன், பேய் போய்விட்டது. வண்டி இப்போது திறந்தவெளியில் நேராக ஓடுகிறது. இன்னொன்று கண்ணில் பட்டது. பெட்டியும் வண்டியும் அசையாமல் இருக்கும்போது வந்த எண்கள் இவை:

```
5803
5805
5853
5802
5854
5804
```

நடுநடுவே 50 டிக் குதிக்கிறது. மீண்டும் இன்டரப்ட் தாமதமா?

நுண்நொடி

இல்லை. விளிம்பின் நேரத்தை வன்பொருள் பிடிக்கிறது, இன்டரப்ட் தாமதம் அதில் சேராது. 50 டிக் என்பது 25 மைக்ரோவினாடி, 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை. சென்சார் எட்டு அலைகளை அனுப்புகிறது. திரும்பி வரும்போது அவை மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். எந்த அலை முதலில் வரம்பைத் தாண்டுகிறதோ அங்கே எக்கோ இறங்குகிறது. எதிரொலியின் பலம் கொஞ்சம் குறைந்தால் அடுத்த அலையில்தான் தாண்டும். தூரத்தில் அது 4.3 மி.மீ.

சாலிடர்புகை, 64 போதும் என்று நான் சொன்னதும் இதனால்தான். 4 மைக்ரோவினாடி டிக் 0.7 மி.மீ. சென்சாரே 4 மி.மீ. குதிக்கும்போது டைமரை இன்னும் நுணுக்கி லாபமில்லை.

சாலிடர்புகை

அப்படியென்றால் நுணுக்கமான டிக்கில் நிறைய அளவெடுத்துச் சராசரி போட்டால் அலைக்குள்ளேயே தூரம் தெரியும் அல்லவா? 5803, 5805, 5802, 5804 என்று அவருடைய கீழ்க்கூட்டம் மூன்று டிக்குக்குள்தான் இருக்கிறது. அந்தச் சீர்மையை 64-இல் பார்த்திருக்கவே முடியாது. உங்கள் விளக்கமும் இந்த நுணுக்கத்தால்தானே கிடைத்தது.

நுண்நொடி

அந்த எண்களைப் பார்த்ததால்தான் 25 மைக்ரோவினாடி என்று அடையாளம் தெரிந்தது, அது சரி. கோளாறு தேடும்போது பிரீஸ்கேலர் 8 உதவும், ஒப்புக்கொள்கிறேன். சராசரி மட்டும் வேண்டாம். இரு கூட்டங்களாகப் பிரிந்த எண்களுக்குச் சராசரி எடுத்தால் இரண்டிலும் இல்லாத நடு மதிப்பு வரும், குதிப்பின் விகிதம் மாறினால் அதுவும் நகரும். ஐந்து அளவெடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுங்கள். அளவுகளுக்கு இடையே 60 மில்லிவினாடி விடுங்கள், இல்லாவிட்டால் முந்தைய ஒலியின் மிச்சம் அடுத்ததில் கலக்கும்.

சாலிடர்புகை

பெரிய கூட்டத்தை மட்டும் பிரித்தெடுத்து அதற்குள் சராசரி போடலாமே. அசையாத நீர்மட்டத்துக்கு அது மில்லிமீட்டருக்குக் கீழே போகும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். செய்து பார்த்துவிட்டு எண்களோடு வருகிறேன்.

திருப்புமுனை

Servo லைப்ரரியை எடுத்துவிட்டு அளந்தேன். திறந்தவெளியில் 6488, 6502, 6493. சம்பந்தமில்லாத எண்கள் ஒன்றுகூட இல்லை. ஆனால் எனக்குச் சர்வோவும் வேண்டுமே. சர்வோ பல்ஸை OC1A-விலிருந்து நானே உருவாக்கினால் டைமர்1-ஐச் சுழியாக்காமல் இரண்டையும் ஓட்ட முடியுமா?

நுண்நொடி

முடியும். டைமரை நிறுத்தாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு ஒப்பீட்டின்போதும் அடுத்த `OCR1A`-வைக் கூட்டலால் நகர்த்துங்கள்: பின்னை உயர்த்தியதும் பல்ஸ் அகலத்தைக் கூட்டுங்கள், இறக்கியதும் 20 மில்லிவினாடியில் மீதியைக் கூட்டுங்கள். `TCNT1`-ஐத் தொடவே வேண்டாம். மேலே சொன்ன கைவிடும் நேரத்துக்கு OCR1B-ஐ வைத்துக்கொள்ளுங்கள். பிரீஸ்கேலர் 64-இல் சர்வோவின் நகர்வு 4 மைக்ரோவினாடிப் படிகளாக இருக்கும். உங்கள் சர்வோவுக்கு அது சிணுங்கலாகத் தெரியுமா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்தால் 8-க்கு வாருங்கள்.

திருப்புமுனை

சரி, முதலில் 64-இல் எழுதிப் பார்க்கிறேன். OC1A என்றால் 9-ஆம் பின்தானே?

வண்டிச்சக்கரம்

ஆமாம், PB1. அங்கே இப்போது மோட்டாரின் PWM ஏதும் இருந்தால் முதலில் வேறு டைமரின் பின்னுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.